ரத்தக்காட்டேரிக்கு வெயில் ஆகாது என்று யார் சொன்னது?

நடுநிசி வாசகன்

ஒரு கதை எழுதிப் போட்டேன். களம் பழைய செர்பிய கிராமம். அதில் வரும் ரத்தக்காட்டேரி மத்தியானத்தில் சந்தையில் நின்று விலை கேட்கும். பின்னூட்டத்தில் வறுத்தெடுத்துவிட்டார்கள். “வெயில் பட்டால் எரிந்து சாம்பலாக வேண்டாமா? அடிப்படைகூடத் தெரியாமல் ஏன் எழுதுகிறீர்கள்?” என்கிறார்கள்.

சரி, அடிப்படை என்னவென்று தேடப் போனால் தலை சுற்றுகிறது. ஓரிடத்தில் பூண்டு, ஓரிடத்தில் உப்பு. ஓரிடத்தில் கண்ணாடியில் உருவம் தெரியாது, இன்னோரிடத்தில் கண்ணாடியைக் கண்டாலே ஓடும். அழைக்காமல் வீட்டுக்குள் வராது என்கிறார்கள், அதுவும் எல்லா ஊரிலும் இல்லை. எல்லாமே ஒரே பேய் என்றால் விதிகள் ஏன் இப்படி மாறுகின்றன? மூல விதி என்று ஏதாவது உண்டா?

குமரேசன்77

இதற்கு அறிவியல் விடை எப்போதோ வந்தாயிற்று நண்பரே. போர்ஃபிரியா என்றொரு பரம்பரை நோய். தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், ஈறு சுருங்கிப் பல் நீளமாகத் தெரியும், முகம் வெளிறிப் போகும். 1985இல் டேவிட் டால்ஃபின் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் இதைத்தான் சொன்னார். அந்த நோயாளிகளைப் பார்த்து பயந்த ஜனங்கள் கட்டிய கதைதான் வாம்பயர். வெயில் விதி அங்கிருந்து வந்தது. உங்களைத் திட்டியவர்கள் சொன்னது சரிதான்.

பழஞ்சுவடி

குமரேசன், டால்ஃபின் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அவர் விளக்கியது சினிமா வாம்பயரை. கிராமத்து வாம்பயருக்கு வெயிலால் சாவு கிடையாது.

வெயில் பட்டதும் மறைந்துபோகும் காட்சி 1922இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த ஜெர்மன் மௌனப் படமான ‘நொஸ்ஃபெராட்டு’வில் வருகிறது. அதற்கு முன்னால் தேடினால் கிடைப்பதில்லை. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் அந்தப் பிரபு பட்டப்பகலில் லண்டன் பிக்கடிலித் தெருவில் நிற்பார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். எரிய மாட்டார். அதற்கும் முன்னால், 1819இல் போலிடோரி எழுதிய கதையில் நிலா வெளிச்சம் பட்டுச் செத்தவன் எழுந்திருப்பான். ஆக, இலக்கியத்திலேயே வெளிச்ச விதி மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இப்போது கிராமத்துக்குப் போவோம். 1718இல் வட செர்பியா துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியா கைக்கு மாறியது. அதனால்தான் நமக்கு ஆவணமே கிடைக்கிறது. அந்த ஜனங்கள் காலங்காலமாகச் செய்துவந்ததைப் புதிதாக வந்த அதிகாரிகள் திகைத்துப்போய் எழுதி வைத்தார்கள். 1725இல் கிசிலியெவோ என்ற ஊரில் பெதார் பிளகோயெவிச் என்பவர் இறந்துபோகிறார். இறந்து சுமார் பத்து வாரம். அந்தச் சமயத்தில் எட்டே நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள், ஒவ்வொருவரும் இருபத்து நான்கு மணி நேர நோயில். படுக்கையில் கிடந்தபோது, ‘பெதார் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான்’ என்று சொல்லிவிட்டுச் செத்தார்கள். அவர் மனைவியோ ஊரைக் காலி செய்துவிட்டு வேறு கிராமத்துக்குப் போய்விட்டாள். புருஷன் வந்து செருப்பைக் கேட்டானாம்.

ஊரார் அதிகாரியிடம் போனார்கள். ஃப்ரோம்பால்ட் என்று பெயர். மேலிடத்து அனுமதி வரட்டும் என்று அவர் இழுத்துப் பார்த்தார். “அதுவரை காத்திருந்தால் ஊரே அழியும், நாங்கள் கிளம்புகிறோம்” என்றார்கள். வேறு வழியில்லாமல் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு போனார். குழியைத் தோண்டினால் நாற்றம் இல்லை. மூக்கு கொஞ்சம் விழுந்திருந்ததே தவிர, உடல் புதிதாக இருந்தது. முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து கீழே புதுத்தோல். வாயில் ரத்தம். ஜனங்கள் கூர்மையான கட்டையை நெஞ்சில் இறக்கினார்கள். காதிலும் வாயிலும் புது ரத்தம் வழிந்தது. அப்புறம் எரித்துவிட்டார்கள். வேறு சில அறிகுறிகளும் தெரிந்தன, மரியாதை கருதி விடுகிறேன் என்று மனுஷர் எழுதியிருக்கிறார். அது என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த அறிக்கையில் வெயில், கண்ணாடி, அழைப்பு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. ஆள் வெளிறியும் இல்லை. உப்பிச் சிவந்த பிணம். போர்ஃபிரியாவுக்கு நேர் எதிர்.

இரவுப்பணி

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் பழஞ்சுவடி சார் எழுதிய அந்த ‘அறிகுறிகள்’ எனக்குத் தினசரி வேலை. பிணவறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன்.

தோல் உரிவதைச் சொல்கிறேன். சில நாள் ஆன உடலில் கையைப் பிடித்துத் தூக்கினால் மேல்தோல் கையுறை மாதிரி நகத்தோடு கழன்று வரும். அடியில் இளஞ்சிவப்பாகப் புதுசு போலத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது அன்று சாப்பிடவில்லை. நகமும் தாடியும் வளர்வதில்லை, சுற்றியுள்ள தோல் காய்ந்து பின்வாங்குவதால் நீண்டதாகத் தெரியும். குடலில் இருக்கும் கிருமிகளால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். அந்த அழுத்தம் நுரையீரலைத் தள்ளும்போது ரத்தம் கலந்த திரவம் வாயிலும் மூக்கிலும் வரும். யாரும் யாரையும் குடிக்கவில்லை. உள்ளே இருந்ததுதான் வெளியே வருகிறது. நெஞ்சில் கட்டையை இறக்கினால் அடைந்திருந்த காற்று தொண்டை வழியாக வரும், முனகல் மாதிரி கேட்கும். உடலைப் புரட்டும்போது நானே கேட்டிருக்கிறேன்.

பத்து வாரத்தில் அழுகியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். காற்றில் ஒரு வாரத்தில் ஆவது தண்ணீரில் இரண்டு வாரம், மண்ணுக்குள் எட்டு வாரம் என்று எங்கள் டாக்டர் ஒரு கணக்கு சொல்வார். தோராயக் கணக்குதான், ஈரம், குளிர், ஆழத்தைப் பொறுத்து நிறைய மாறும். அந்தக் கணக்கில் பத்து வாரப் புதைகுழி என்பது வெளியில் ஒன்பது நாள்கூட இல்லை. உப்பி, சிவந்து, தோல் உரிகிற கட்டம்.

பழஞ்சுவடி

இரவுப்பணி அண்ணா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன உப்பலுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1732 ஜனவரியில் ஃப்ளூக்கிங்கர் என்ற ராணுவ அறுவை மருத்துவர் மெத்வெஜா என்ற செர்பிய ஊரில் வரிசையாகக் குழிகளைத் திறந்து பார்த்தார். அறுபது வயது மிலிசா என்ற கிழவியின் உடலும் அதில் ஒன்று. உயிரோடிருந்த காலமெல்லாம் வற்றலாக இருந்தவள் குழிக்குள் போய்க் கொழுத்திருக்கிறாளே என்று அவளைத் தெரிந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள், காரணம்தான் தப்பு.

நடுநிசி கேட்டதற்கு இங்கேதான் பாதி பதில் இருக்கிறது. பிணம் எங்கும் ஒரே மாதிரிதான் அழுகுகிறது. ஆனால் அதைத் தோண்டிப் பார்க்கும் வழக்கம் எங்கும் இல்லை. தோண்டிப் பார்க்கிற ஊரில் வாம்பயர் என்றால் உடல். அடையாளம் உடலில், பரிகாரமும் உடலில்: கட்டை, தலை வெட்டு, நெருப்பு. தோண்டாத ஊரில் அது வேறு உருவம் எடுக்கிறது.

மல்லிகா

பூண்டு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. எனக்குப் பூண்டு ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். அலுவலகத்தில் கேலி பண்ணுகிறார்கள். ரத்தம் குடிக்கும் வௌவாலைத் துரத்தப் பூண்டு வைத்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்குமோ? வௌவாலுக்குப் பூண்டு வாசனை ஆகாதா?

பழஞ்சுவடி

மல்லிகா மேடம், அந்த வௌவால் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கிராமத்தான் அதைப் பார்த்திருக்கவே மாட்டான். பேய்க்கு இருந்த பெயரைத்தான் பின்னால் வௌவாலுக்கு வைத்தார்கள்.

ஆனால் உங்கள் அலுவலகக் கேலிக்கு ஒரு பழைய உறவு உண்டு. ருமேனியாவில் பூண்டு சாப்பிட மறுப்பவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்களாம். அங்கே வாம்பயருக்கு ‘ஸ்ட்ரிகோய்’ என்று பெயர். நவம்பர் கடைசியில், புனித ஆந்திரேயா திருநாளுக்கு முந்தின இரவு, ஜன்னல் சட்டத்திலும் கதவிலும் பூண்டைத் தேய்ப்பார்கள். சந்தேகப்பட்ட பிணத்தின் வாயிலும் பூண்டு அடைப்பார்கள். எமிலி ஜெரார்ட் என்ற பெண்மணி 1885இல் திரான்சில்வேனிய நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த வாய்ப்பூண்டு இருக்கிறது. ஸ்டோக்கர் அதைப் படித்தார். உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பூண்டு வாம்பயருக்கென்று ஒதுக்கிய மருந்து இல்லை. கிரேக்கத்தில் கண்ணேறுக்கும் அதே பூண்டுதான். காட்டமான வாசனை எந்தக் கெட்டதையும் விரட்டும் என்ற பொது நம்பிக்கை. கையில் இருந்ததை இதற்கும் பயன்படுத்தினார்கள்.

செங்கமலம்

வெயில் விதி முழுக்க சினிமாவில் பிறந்தது என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு தோழியோடு அறையைப் பகிர்ந்திருந்தேன். அவள் சொன்ன ‘மனனாங்கல்’ கதை கேளுங்கள். பகலில் சாதாரணப் பெண். இரவில் இடுப்போடு துண்டாகி மேல்பாதி மட்டும் இறக்கை முளைத்துப் பறக்கும். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து நாக்கை நூல்போல் இறக்கும். கீழ்ப்பாதி எங்கேயோ மறைவில் நின்றுகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து வெட்டுவாயில் உப்போ சாம்பலோ நசுக்கிய பூண்டோ தடவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. சூரியன் வந்ததும் சாவு. ஆக வெயில் இருக்கிறது, பூண்டும் இருக்கிறது.

மலாய்க்காரர்களின் ‘பெனாங்காலன்’ தலையும் குடலுமாகப் பறக்கும். பிரசவ வீட்டு ஜன்னலைச் சுற்றி முள் இலை கட்டுவார்கள். தொங்குகிற குடல் முள்ளில் மாட்டும் என்பதற்காக. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

பழஞ்சுவடி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நான் மொத்தமாகச் சொன்னது தப்பு. விடியல் என்ற எல்லை பழையதுதான், கோழி கூவினால் பேய் போக வேண்டும் என்பது பல நாட்டில் உண்டு. ஆனால் மனனாங்கலில் வெயிலின் வேலை வேறு. அவள் பகலில் நம் நடுவே நடமாடுகிறவள், வெயில் அவளுக்குப் பழக்கம். விடிவதற்குள் இரண்டு பாதியும் சேர முடியாமல் போனால்தான் ஆபத்து. முர்னாவ் படத்தில் வெளிச்சமே விஷம்.

உங்கள் இரண்டு கதையிலும் இன்னொன்று இருக்கிறது. அங்கே வாம்பயர் செத்தவள் இல்லை, உயிரோடிருக்கும் அக்கம்பக்கத்துப் பெண். பயம் பிரசவத்தைப் பற்றியது. அதனால் குழி தோண்டும் பரிகாரமே கிடையாது. கூரை, ஜன்னல், இடுப்பு, குடல் என்று எல்லாம் அந்த உருவத்தை ஒட்டியே வருகிறது. விதி பயத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது.

குமரேசன்77

சரி, போர்ஃபிரியாவை விடுகிறேன். கண்ணாடிக்கு என்ன சொல்கிறீர்கள்? பழைய கண்ணாடிகளுக்குப் பின்னால் வெள்ளி பூசியிருந்தது. வெள்ளி தூய உலோகம், தீயதைக் காட்டாது. அதனால்தான் உருவம் தெரியவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

பழஞ்சுவடி

எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பிற்காலத்து விளக்கம். வெள்ளி பூசுவதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த முறை. அதற்கு முன் தகரமும் பாதரசமும். உருவம் விழாது என்ற விதியை நிலைநிறுத்தியது ‘டிராகுலா’. விருந்தாளி சவரம் செய்துகொண்டிருக்கும்போது பிரபு பின்னால் வந்து நிற்பார், கண்ணாடியில் ஆள் இருக்காது. அங்கேயும் வெள்ளி என்று காரணம் சொல்லவில்லை.

அதன் அடியில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் சாவு வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். கண்ணாடியில் தெரிவது ஆன்மா என்று நினைத்தால், ஆன்மா இல்லாதவனுக்கு உருவம் இருக்காது என்று கதாசிரியருக்குத் தோன்றுவது இயல்பு. ஸ்டோக்கர் மனதில் ஓடியது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சீனாவில் இது தலைகீழ். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற தாவோயிஸ்ட் எழுதுகிறார்: மலைக்குப் போகிறவர்கள் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத கண்ணாடியை முதுகில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். மனித வேடத்தில் வரும் பேய்களின் நிஜ உருவம் அதில் தெரிந்துவிடும். அங்கே கண்ணாடி உண்மையைக் காட்டும் கருவி. அதனால்தான் விறைத்த கையை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வரும் ‘சியாங்ஷி’ கண்ணாடியைக் கண்டால் மிரளும். ஒரே கண்ணாடிதான். இங்கே ஒன்றும் காட்டாததால் மாட்டிக்கொள்கிறது, அங்கே காட்டிவிடுவதால் மாட்டிக்கொள்கிறது.

இரவுப்பணி

அந்தக் குதிப்பும் எனக்குப் புரிகிறது. விறைத்த உடலுக்கு முட்டி மடங்காது. நடக்க வைத்துக் கற்பனை பண்ணச் சொன்னால் நானும் குதிக்கத்தான் வைப்பேன்.

நடுநிசி வாசகன்

அழைப்பு விதி பாக்கி இருக்கிறது. என் கதையில் அவன் அழைக்காமலே வீட்டுக்குள் நுழைகிறான். அதற்கும் திட்டு வாங்கினேன்.

பழஞ்சுவடி

எனக்குப் பிடித்த விதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகிறேன்.

வீட்டிலுள்ள யாராவது ஒருவர் முதல் தடவை அழைத்தால்தான் உள்ளே வர முடியும் என்று தெளிவாக எழுதியதும் ஸ்டோக்கர்தான். ஆனால் செர்பிய ஆவணங்களைப் பாருங்கள். பெதார் எங்கே போனார்? தன் வீட்டுக்கு. யாரிடம்? தன் மனைவியிடம். என்ன கேட்டார்? தன் செருப்பை. சொந்த வீட்டுக்குள் வர அவருக்கு யார் அழைப்பு வைக்க வேண்டும்? கிராமத்து வாம்பயர் கணவன், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரன். பயமே அதுதான்: கதவு திறந்தே இருக்கிறது, அவனுக்கு வழி தெரியும்.

1819இல் போலிடோரி கதையில்தான் வாம்பயர் பிரபு ஆகிறான், ஊர் விட்டு ஊர் போகிறான், அந்நியன் ஆகிறான். அந்நியன் என்றால்தான் வாசலில் நிற்க வேண்டும், யாரோ உள்ளே விட வேண்டும், விட்டவர் பிறகு வருந்த வேண்டும். அழைப்பு விதி அந்த மாற்றத்துக்குப் பிறகு வலுப்பெற்றது என்பது என் கணிப்பு.

கிரேக்கத் தீவுகளில் இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. 1645இல் லியோ அல்லாட்டியஸ் எழுதியிருக்கிறார். கியோஸ் தீவில் இரவில் யாராவது கதவருகே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்ல மாட்டார்கள். ‘வ்ரிகோலகாஸ்’ என்ற அந்த ஊர்ப் பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் சொன்னவன் செத்தான். இரண்டாம் தடவை கூப்பிட்டால் மனிதன். இங்கே அழைப்பது பேய், பதில் சொல்வதுதான் தப்பு. அந்த வ்ரிகோலகாஸ் பெரும்பாலும் ரத்தமே குடிப்பதில்லை என்பது இன்னொரு சங்கடம்.

செங்கமலம்

இது கொஞ்சம் வசதியாக இருக்கிறதே. சாத்தானை உள்ளே வரச் சொன்னால்தான் வருவான் என்ற நம்பிக்கை ஸ்டோக்கருக்கு முன்னாலேயே இருந்ததே. கோத்தேயின் ‘ஃபௌஸ்ட்’டில் மெஃபிஸ்டோஃபெலிஸ் கதவைத் தட்டிவிட்டு மூன்று தடவை உள்ளே வா என்று சொல்ல வைக்கிறான். உறவு, அந்நியன் என்று பிரிக்காமலே, சாத்தான் விதி வாம்பயருக்கு வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடலாம்.

பழஞ்சுவடி

சொல்லலாம். மூலம் சாத்தானாகவே இருக்கலாம். ஆனால் அது ஏன் கிராமத்து வாம்பயரிடம் ஒட்டாமல் பிரபு வாம்பயரிடம் ஒட்டியது என்ற கேள்வி அப்போதும் நிற்கிறது. இதை நீங்களும் நானும் இன்றைக்குத் தீர்க்கப் போவதில்லை.

குமரேசன்77

அப்படியானால் ரேபிஸ்? 1998இல் ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தார். வெறிநாய்க்கடி நோயாளிக்குக் காட்டமான வாசனையும் கண்ணாடியும் தாங்காதாம், இரவில் தூக்கம் கிடையாதாம். பூண்டு, கண்ணாடி, இரவு மூன்றும் பொருந்துகிறது.

இரவுப்பணி

பொருந்துகிறது சார், ஆனால் பெதார் கிசிலியெவோவில் யாரையும் கடித்ததாகவே சொல்லவில்லையே. கழுத்தைத்தான் நெரித்தார். அதுவும் குழிக்குள் இருந்துகொண்டு.

நடுநிசி வாசகன்

கதையைத் திருத்தப் போகிறேன். சந்தைக் காட்சி அப்படியே இருக்கும், வெயிலும் இருக்கும். அழைப்பு கிடையாது. அவன் நேராக வீட்டுக்குள் வந்து செருப்பைத் தேடுவான். ஒரு சந்தேகம் பழஞ்சுவடி, அந்த மனைவி செருப்பைக் கொடுத்தாளா, கொடுக்கவில்லையா?

பழஞ்சுவடி

ஃப்ரோம்பால்ட் எழுதவில்லை. கேட்டான், அவள் ஊரை விட்டுப் போனாள். அவ்வளவுதான் இருக்கிறது.

மல்லிகா

கொடுத்திருந்தால் அவள் ஏன் ஊரை விட்டுப் போகப் போகிறாள்?